விலாவில் கோடு இருந்ததா?

"விலாவுல கோடு இருந்துச்சா?" என்று டீச்சர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஜனவரியின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அது. டெல்லிக்கும் ஹரியானாவுக்கும் இடையில் கிடக்கும் நஜஃப்கர் ஏரியின் கரையில் மூன்று மணி நேரம் மூடுபனியில் நின்றுவிட்டு, மயூர் விஹாருக்குத் திரும்பிய கையோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்பானியச் சிட்டு ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்ற செய்தியை அவரிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் வயல்களுக்கு வந்துபோகும் அந்தக் குருவியை நான்கு குளிர்காலமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அன்று சீமைக் கருவேலப் புதர் ஒன்றில் முப்பது நாற்பது சிட்டுகள் அடைந்திருந்தன. அவற்றில் ஓர் ஆண் பறவைக்குத் தொண்டைக் கருப்பு மார்பு வரை அகன்று பரவியிருந்தது. கன்னம் பளிச்சென்று வெண்மையாக இருந்தது. கருப்பு அகலம், கன்னம் வெள்ளை, ஆகவே ஸ்பானியச் சிட்டு என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டுவிட்டேன்.

டீச்சர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டெல்லியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்பில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் என் மகிழ்ச்சியைக் குலைக்க அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தொண்டையையும் கன்னத்தையும் நான் விவரித்து முடித்த பிறகு, விடுபட்டுப்போன ஒன்றை நினைவூட்டுவதுபோலத்தான் கேட்டார். நான் விலாவைப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்கலாம், ஆனால் பார்த்ததாக நினைவில்லை. அவ்வளவு நேரமும் என் கண் தொண்டையிலேயே இருந்தது. அந்தக் கேள்வி அடுத்த இரண்டு வாரம் என்னை விடவில்லை. ஒரு சிட்டை இன்ன சிட்டு என்று சொல்வதற்கு நான் எந்த உறுப்பை எந்த வரிசையில் நம்பி வந்திருக்கிறேன் என்று யோசிக்க யோசிக்க, அந்த வரிசையே தலைகீழானது என்று தோன்றத் தொடங்கியது.

தொண்டைக் கருப்பு ஏன் ஏமாற்றுகிறது

வீட்டுச் சிட்டுக்குருவியின் ஆணை நாம் எல்லோரும் அடையாளம் காண்பது தொண்டையில் இருக்கும் கருந்திட்டை வைத்துத்தான். சின்ன வயதில் ஓட்டுக்கூரையின் விட்டத்தில் கூடு கட்டிய குருவிகளில் 'கருப்புத் தாடிக்காரன்' ஆண், மற்றது பெண் என்று பாட்டி காட்டிக்கொடுத்த நாளிலிருந்து அது மனத்தில் பதிந்துவிட்டது. ஆணா பெண்ணா என்று கேட்டால் அந்தத் திட்டு நம்பகமான விடை தரும். எந்த இனம் என்ற கேள்வியை அதனிடம் கேட்கும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது. ஏனென்றால் அந்தத் திட்டின் அகலம் ஒரே பறவையில் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை.

இதை நான் எங்கள் பால்கனியிலேயே பார்த்திருக்கிறேன். கம்பும் அரிசிக் குருணையும் வைக்கும் தட்டுக்கு வழக்கமாக வரும் ஆண் சிட்டுகளில் ஒன்றுக்கு இடது காலில் நடுவிரல் நகம் இல்லை. அதனால் அதை மற்றவற்றோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. நவம்பர் முதல் வாரத்தில் அதன் தொண்டையில் அலகுக்கு அடியில் ஒரு விரற்கடைக் கருப்புதான் தெரிந்தது. அதற்குக் கீழே மார்பெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் மங்கலாக இருந்தது. பிப்ரவரி கடைசியில் அதே பறவைக்குக் கருப்பு மார்பின் மேல்பகுதி முழுவதையும் மூடியிருந்தது. இடையில் அதற்குப் புதிய இறகு ஒன்றுகூட முளைக்கவில்லை. சிட்டு ஆண்டுக்கு ஒரு முறை, இனப்பெருக்கம் முடிந்த பிறகு, உடல் முழுவதும் இறகு மாற்றிக்கொள்கிறது. புதிதாக முளைக்கும் தொண்டை இறகின் அடிப்பகுதி கருப்பு. நுனி மட்டும் வெளிர்ந்த சாம்பல். ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும் இறகுகளில் நமக்குத் தெரிவது பெரும்பாலும் நுனிதான் என்பதால், குளிர்காலத் தொடக்கத்தில் கருப்பு மறைந்திருக்கிறது. புழுதிக் குளியலிலும் கிளை உரசலிலும் வெயிலிலும் அந்த நுனிகள் தேய்ந்து உதிர உதிர, உள்ளே இருந்த கருப்பு மெல்ல வெளியே வருகிறது. துணை தேடும் பருவம் வரும்போது பறவை புதுச்சட்டை போட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது. உண்மையில் அது பழைய சட்டையின் ஓரம் தேய்ந்து கிடைத்த நிறம்.

ஆகவே ஜனவரியில் ஓர் ஆண் சிட்டுக்குத் தொண்டைக் கருப்பு அகலமாக இருக்கிறதென்றால், அதற்கு ஸ்பானியச் சிட்டாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை; மற்றவற்றைவிடச் சீக்கிரம் நுனி தேய்ந்த வீட்டுச் சிட்டாகவும் இருக்கலாம். அதோடு ஒரே வயதும் ஒரே தேய்மானமும் உள்ள ஆண்களுக்குள்ளேயும் திட்டின் அளவு மாறுபடுகிறது. பெரிய திட்டுக்காரன் கூட்டத்தில் வல்லவன் என்ற கருத்து நெடுநாள் பாடமாகவே சொல்லப்பட்டது. 2018இல் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு சொல்லப்பட்ட அளவுக்கு வலுவாக இல்லை. காரணம் எதுவானாலும், திட்டின் அளவு பறவைக்குப் பறவை வேறுபடுகிறது என்பது மட்டும் யாரும் தட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய செய்தி. மறுபக்கத்தில், நான் தேடிய ஸ்பானியச் சிட்டின் மார்புக் கருப்பும் அதே ஜனவரியில் அதே வெளிர்நுனிகளால் மூடப்பட்டிருக்கும். அகலக் கருப்பைத் தேடிப்போனவர், அந்த மாதத்தில் தவறான பறவையைக் கண்டு மகிழ்வதற்கும் சரியான பறவையைக் கண்டும் கடந்துபோவதற்கும் ஒரே அளவு வாய்ப்பு உண்டு.

வெள்ளைக் கன்னத்தை நான் நம்பியதற்குக் காரணம் வேறு. ஐரோப்பியப் பறவைகளை வைத்து எழுதப்பட்ட கையேடுகளில், வீட்டுச் சிட்டுக்குக் கன்னம் சாம்பல், ஸ்பானியச் சிட்டுக்குக் கன்னம் வெள்ளை என்று இருக்கும். அங்கே அது சரி. நம் நாட்டு வீட்டுச் சிட்டு, இண்டிகஸ் என்ற துணையினம், ஐரோப்பியச் சிட்டைவிடச் சற்றுச் சிறியது. அதன் ஆணுக்குக் கன்னம் இயல்பாகவே வெள்ளை. கரோல்பாக் மளிகைக் கடை வாசலில் பருப்புச் சாக்கைக் கொத்தும் குருவிக்கும் வெள்ளைக் கன்னம்தான். நான் இரண்டு சாட்சிகளை வைத்து முடிவு சொன்னதாக நினைத்தேன். இரண்டுமே அந்த வழக்குக்குச் செல்லாத சாட்சிகள்.

தொண்டை உதவும் இடம் ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யமுனை வெளியின் நாணல், கோரைப் பக்கங்களில் தென்படக்கூடிய சிந்துச் சிட்டின் ஆணுக்குத் திட்டு எப்போதும் சிறிதாக, குறுகலாக, கழுத்துக்குக் கீழே இறங்காமல் இருக்கும். தலையின் செம்பழுப்பும் கண்ணுக்குப் பின்னால் பிறைபோல் வளைந்து கழுத்தோரத்தில் நின்றுவிடும். வீட்டுச் சிட்டில் அது பிடரி வரை பரவும். ஆனால் 'சிறிய திட்டு' என்பதை மட்டும் வைத்து நவம்பரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. நகமில்லாத என் பால்கனிச் சிட்டே அந்த மாதத்தில் அப்படித்தான் இருந்தது. சிந்துச் சிட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயரிடப்பட்ட பிறகு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இல்லை. வீட்டுச் சிட்டின் கூட்டத்தில் அது நின்றால், நின்று பார்ப்பவர் யார்?

ஆண்களே இல்லாத கூட்டம்

டீச்சர் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. அன்று கேள்வியைக் கேட்டுவிட்டு, என் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், சென்ற ஆண்டு மார்ச் 20 அன்று, உலகச் சிட்டுக்குருவி நாளில், குடியிருப்புக் குழந்தைகளோடு யமுனைக் கரைக்குப் போய் நான் எடுத்த கணக்கில் விரலை வைத்தார். 'வீட்டுச் சிட்டு, பெண், 26' என்று எழுதியிருந்தேன். நாணற்கதிர்களில் தொங்கித் தொங்கி விதை தின்றுகொண்டிருந்த கூட்டம் அது. "இருபத்தாறும் பொண்ணுன்னா ஆம்பளை எங்கம்மா போச்சு?" என்றார்.

நான் அந்தக் கணத்தில்தான் கூட்டத்தைக் கூட்டமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வீட்டுச் சிட்டின் ஆணுக்குக் கருப்பு மங்குமே தவிர முற்றாக மறைவதில்லை. நவம்பரிலும் அலகுக்கு அடியில் கொஞ்சமாவது இருக்கும். சிட்டுக் கூட்டத்தில் ஏறக்குறையப் பாதி ஆணாக இருக்கும் என்பதால், இருபத்தாறு பறவையில் ஒன்றுக்குக்கூடக் கருந்தொண்டை இல்லை என்றால் அது சிட்டுக் கூட்டமாக இருப்பது மிகக் கடினம். தூக்கணாங்குருவியின் ஆண் அப்படியில்லை. மழைக்காலத்தில் கூடு பின்னும்போது உச்சந்தலையிலும் மார்பிலும் மஞ்சளும் முகத்தில் கரும்பழுப்பும் பூண்டு நிற்கும் அது, பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் களைந்துவிட்டுப் பெண்ணைப்போல் பழுப்பாகிவிடுகிறது. குளிர்காலத்திலும் மார்ச்சிலும் தூக்கணாங்குருவிக் கூட்டம் முழுவதும் பெண் சிட்டுக் கூட்டம்போல் தெரிவதற்கு அதுதான் காரணம். குழந்தைகள் இருபத்தாறு என்று எண்ணியது சரி. பெயர் வைத்தது நான், அதுதான் தவறு.

பெண் சிட்டையும் பருவமில்லாத தூக்கணாங்குருவியையும் பிரிப்பதற்குத் தொண்டையும் விலாவும் அதிகம் பயன்படுவதில்லை. இரண்டுக்கும் தொண்டை வெறுமை. இரண்டுக்கும் விலா ஏறக்குறைய வெறுமை. முதுகில் கருங்கீற்று இரண்டுக்கும் உண்டு. கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடும் இரண்டுக்கும் உண்டு. இங்கே அலகு ஒன்றுதான் பேசும். டீச்சர் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு தலைகளைப் பக்கவாட்டில் வரைந்தார். சிட்டின் தலையில், அலகு நுனியிலிருந்து மேலலகின் முதுகைப் பிடித்துக்கொண்டு நெற்றிக்கு ஏறினால், அலகு இலேசாக வளைந்து முடியும் இடத்தில் ஒரு முறிவு வருகிறது. அதற்குப் பிறகு நெற்றி தனியாக உருண்டு எழுகிறது. தூக்கணாங்குருவியில் அந்த முறிவு இல்லை. அலகின் முதுகு நேராகத் தட்டையான நெற்றிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தலையும் அலகும் சேர்ந்து ஒரே ஆப்பாகத் தெரிகின்றன. அடியில் அலகு அகலம், வெளிர் மஞ்சள் சாயல் கொண்டது. இதைப் பார்த்துப் பழகிய பிறகு வாலையும் பார்க்கலாம்: தூக்கணாங்குருவிக்கு வால் குட்டை, சிட்டுக்கு உடலுக்கு ஏற்ற நீளம்.

அலகின் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம் என்று நான் இப்போது குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண் சிட்டின் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கருப்பு. அந்தக் காலம் கழிந்ததும் கொம்பைப்போல் வெளிர் பழுப்பாகிவிடும். உடலின் சுரப்புக்கு ஏற்ப மாறும் நிறம் அது, வடிவம் மாறுவதில்லை. வடிவத்தைப் பார்ப்பதற்கும் பறவை பக்கவாட்டில் நிற்க வேண்டும். நம்மை நேராகப் பார்க்கும் குருவிக்கு எந்த அலகும் பருத்துத்தான் தெரியும். நெல்மணியையோ கம்பையோ வாயில் வைத்து உமி நீக்கிக்கொண்டிருக்கும்போது அலகு திறந்திருப்பதால் அடிப்பகுதி அகன்றதுபோல் தோன்றும். விழுங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கூட்டைவிட்டு அண்மையில் வெளிவந்த குஞ்சுக்கு வாயோரத்தில் மஞ்சள் சதை இருக்கும். அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு வேறு இனம் என்று சொல்லிவிடக்கூடாது.

சிட்டோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மற்ற இரண்டு பறவைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவை எனக்கு ஒருபோதும் பெரிய குழப்பம் தந்ததில்லை. வெண்தொண்டைச் சில்லைக்கு அலகு நீலம் கலந்த வெள்ளி நிறம், உடலைப் பார்க்கையில் மிகப் பருமன். வால் நீண்டு நுனியில் ஊசிபோல் கூர்ந்திருக்கும். மஞ்சள் தொண்டைச் சிட்டு இதற்கு எதிர்: அலகு சிட்டினுடையதைவிட மெலிந்து நீண்டது, முதுகில் கீற்றே இல்லை, சிறகில் வெள்ளைப் பட்டை. அதன் பெயரில் இருக்கும் மஞ்சளை நம்பிப் போகிறவர்கள் பலமுறை ஏமாறுவார்கள். அந்த மஞ்சள் தொண்டையின் கீழ்ப்பகுதியில் சிறு திட்டாக இருப்பதால் தலையைத் தாழ்த்தினால் மறைந்துவிடும். பெண்ணுக்கு அது வெளிறியே இருக்கும். சிறுவனாக இருந்த சாலிம் அலி மும்பையில் சுட்ட குருவியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பறவை கையில் கிடந்ததால்தான் அவருக்கு மஞ்சள் தெரிந்தது என்பதை அந்தக் கதை கேட்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன். மரக்கிளையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தால் அவருக்கும் அது சாதாரணச் சிட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

படத்தின் ஓரத்தில் நின்ற பறவை

அன்று இரவு என் கேமராவில் இருந்த பதினான்கு படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் ஸ்பானியச் சிட்டு என்று எழுதிய ஆண் அவற்றில் ஒன்பதில் இருந்தது. ஒன்றில் அது தலையைத் தாழ்த்தியிருந்ததால் உச்சந்தலை நன்றாகத் தெரிந்தது: நடுவில் சாம்பல், இரு ஓரமும் செம்பழுப்பு. ஸ்பானியச் சிட்டின் ஆணுக்கு உச்சந்தலை முழுவதும் செம்பழுப்பாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் அதன் மேல் சாம்பல் நுனிகள் பூத்திருந்தாலும் அடியில் செம்மை கசியும். இன்னொரு படத்தில் விலா தெரிந்தது. சிறகு மடிந்த ஓரத்துக்கும் வயிற்று வெண்மைக்கும் இடையில், மார்போரத்திலிருந்து கால் தொடங்கும் இடம் வரை, ஒரே சீரான வெளிர் சாம்பல். கோடு ஒன்றுகூட இல்லை. வீட்டுச் சிட்டு. தொண்டைக் கருப்பு அகன்ற, ஆரோக்கியமான, சாதாரண வீட்டுச் சிட்டு.

கணினியை மூடிவிட்டிருப்பேன். ஆனால் விலாவைப் பார்த்துக்கொண்டே வந்ததால், நான்காவது படத்தின் வலது ஓரத்தில், பாதி மங்கலாக நின்ற இன்னொரு பறவையின் விலாவும் கண்ணில் பட்டது. நான் அதைக் கரையில் நிற்கும்போது கவனித்ததாகவே நினைவில்லை. தொண்டை மங்கல், கருப்பு இருக்கிறதா என்று சொல்ல முடியாத அழுக்குச் சாம்பல். தலையின் மேல்பகுதியைக் கருவேலக் கிளை ஒன்று மறைத்திருந்தது. ஆனால் மார்போரத்திலிருந்து கால் பக்கமாக மூன்று கருங்கோடுகள் ஓடின.

அந்த மூன்று கோடுகளோடுதான் நான் இரண்டு வாரம் போராடினேன். கோடுபோல் தெரிவதெல்லாம் கோடாகாது. குளித்துவிட்டு வந்த சிட்டின் விலாவில் இறகுகள் நனைந்து கற்றை கற்றையாகப் பிரியும்போது, இடைவெளியில் தெரியும் அடியிறகு கருங்கீற்றுபோலவே இருக்கும். காற்று பின்னாலிருந்து வீசினாலும் அப்படித்தான். இலையற்ற முட்கிளைகளுக்குள் நிற்கும் பறவையின் மேல் கிளையின் நிழலும் விழும். உண்மையான கீற்று இறகின் நடுத்தண்டை ஒட்டிய கருமையால் ஆனது. ஆகவே அது இறகின் போக்கிலேயே, உடலின் நீளவாக்கில், வரிசையாக ஓடும். இரண்டு விலாவிலும் இருக்கும். பறவை உடலைச் சிலுப்பிக்கொண்ட பிறகும் அதே இடத்தில் இருக்கும். நிழல் குறுக்காக விழும். பறவை அசைந்தால் இடம் மாறும். என் படத்தில் ஒரு விலாதான் தெரிந்தது. பறவை சிலுப்பியதா என்று ஒரு படம் சொல்லாது. கோடுகள் நீளவாக்கில் ஓடின என்பது மட்டும் அதன் சார்பில் இருந்தது.

டீச்சரிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை வெச்சு எதுவும் சொல்லாதே. திரும்பப் போய்ப் பாரு. பனி விலகினப்புறம் போ," என்றார்.

இனத்தின் பெயரை விலாவில் தேடுவதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், ஆண் சிட்டுகளில் வீட்டுச் சிட்டுக்கும் சிந்துச் சிட்டுக்கும் விலா வெறுமை. ஸ்பானியச் சிட்டுக்கு மட்டும் மார்பின் கருப்பு கழுத்தோரங்களில் உடைந்து கீற்றுகளாகி விலா நெடுகிலும் இறங்குகிறது. நுனி தேய்மானம் இங்கேயும் உண்டு என்றாலும், கருமை நீண்ட கோடாக இருப்பதால் நடுக்குளிர்காலத்திலும் அது முழுவதும் மறைவதில்லை. உச்சந்தலையும் விலாவும் சேர்ந்து வந்தால்தான் ஐயம் தீரும். இத்தாலியில் வாழும் சிட்டு, வீட்டுச் சிட்டும் ஸ்பானியச் சிட்டும் கலந்து உருவானது. அதற்கு உச்சந்தலை ஸ்பானியச் சிட்டினுடையதுபோல் முழுச் செம்பழுப்பு, விலாவில் மட்டும் கீற்று இருப்பதில்லை. அது நம் பக்கம் வராது. ஆனாலும் இந்த இரண்டு அடையாளங்களும் தனித்தனியே இருக்கக்கூடியவை, ஒன்றைக் கண்டால் மற்றதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு அதே கரைக்குப் போனேன். கடுகு பூத்திருந்தது. கூட்டம் பெருகி அறுபது எழுபது பறவைகள் அந்தக் கருவேலப் புதருக்கும் அறுத்த வயலுக்குமாகப் பறந்துகொண்டிருந்தன. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, புதரின் வெளிக்கிளைகளை மட்டும் இருநோக்கியில் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருக்கும் பறவைகளைத் தேடினால் நிழல்தான் கிடைக்கும். ஒவ்வொரு பறவையிலும் முதலில் அலகு, பிறகு விலா, கடைசியில் தொண்டை என்று வரிசை வைத்துக்கொண்டேன். பறவை சிறகைத் தளர்த்தித் தொங்கவிட்டிருந்தால் விலா மூடிவிடும். அப்படிப்பட்டவற்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். இப்படிப் பார்த்தால் கணக்கு மெதுவாகத்தான் ஏறும். முக்கால் மணி நேரத்தில் இருபத்தொரு ஆண்களை முழுமையாகப் பார்க்க முடிந்தது. இருபத்தொன்றுக்கும் விலா வெறுமை.

இருபத்திரண்டாவது பறவை வயலிலிருந்து எழுந்து வந்து வெளிக்கிளையில் பக்கவாட்டில் உட்கார்ந்தது. அலகு வெளிர் மஞ்சள், நுனி மட்டும் கருமை; பக்கத்தில் இருந்த வீட்டுச் சிட்டினுடையதைவிடச் சற்றுக் கனம். ஆனால் அந்தக் கனத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல நான் துணியமாட்டேன். விலாவில் கோடுகள் இருந்தன. மார்போரத்தில் தடித்து, ஒன்றோடொன்று நெருங்கி, கால் பக்கம் வர வர மெலிந்தன. பறவை ஒரு முறை உடலைச் சிலுப்பியது; கோடுகள் அங்கேயே இருந்தன. கிளையில் திரும்பி உட்கார்ந்தபோது மறுவிலாவிலும் அதே கோடுகள். அதற்குப் பிறகுதான் தலைக்குப் போனேன்: சாம்பல் நுனிகளுக்கு அடியில், வெயில் பட்ட இடத்தில், உச்சி முழுவதும் செங்கல் நிறம். கடைசியாகத் தொண்டையைப் பார்த்தேன். மங்கலாக, அழுக்குச் சாம்பலாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் நான் வியந்து பார்த்த வீட்டுச் சிட்டின் கருப்பில் பாதிகூட இல்லை. தொண்டையை முதலில் பார்த்திருந்தால் இதையும் விட்டிருப்பேன். கண்ணில் நீர் வந்தது. பனிக்காற்றும் காரணம்தான், ஆனால் அது மட்டும் அல்ல.

அன்று பகல் ஒரு மணி வரை நின்றதில் அதைப்போல் இன்னும் இரண்டு ஆண்கள் கிடைத்தன. பெண்கள்தான் கடைசிவரை கைக்கு வரவில்லை. ஸ்பானியச் சிட்டின் பெண்ணுக்கு விலாவில் மங்கலான கீற்றுகள் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த மங்கல், ஒளி சாயும்போது வெறும் இறகு மடிப்போடு கலந்துவிடும் அளவுக்கு மங்கல். மூன்று ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் அவற்றின் இனப் பெண்களும் இருக்கும் என்பது நியாயமான ஊகம். ஊகத்தைப் பட்டியலில் எழுத முடியாது. இரண்டு பெண் பறவைகளின் விலாவை நெடுநேரம் பார்த்தேன். ஒன்றில் கோடு இருப்பதுபோலவும் அடுத்த நிமிடம் இல்லாததுபோலவும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் திருத்தினேன். சென்ற மார்ச் கணக்கில் 'வீட்டுச் சிட்டு, பெண், 26' என்பதைக் கோடிட்டு அடித்துவிட்டு, 'தூக்கணாங்குருவியாக இருக்கலாம். அலகு பார்க்கப்படவில்லை' என்று எழுதினேன். ஜனவரி இரண்டாவது ஞாயிறின் ஸ்பானியச் சிட்டை 'வீட்டுச் சிட்டு, ஆண்' என்று மாற்றினேன். படத்தின் ஓரத்தில் நின்ற பறவையை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தவற்றோடு சேர்த்துவிட ஆசையாக இருந்தது. அதன் உச்சந்தலை எனக்குத் தெரியாது, மறுவிலாவும் தெரியாது. அதற்கு எதிரே 'சிட்டு, இனம் உறுதியில்லை, ஒரு விலாவில் மூன்று கோடுகள்' என்று எழுதினேன். புதிய பக்கத்தில் அன்றைய தேதியிட்டு, 'ஸ்பானியச் சிட்டு, ஆண், 3, இரு விலாவிலும் கீற்று. பெண் சிட்டு, 2, விலா தெளிவில்லை' என்று எழுதி, குறிப்பேட்டை டீச்சர் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.